சந்துக்குப் பணம் கட்ட முடியாது

எங்கள் வீட்டுக்கும் என் கணவருடைய அண்ணன் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். பாகம் பிரித்தபோது, அண்ணன் தம்பிக்கு நடுவில் சந்து எதற்கு என்று இருவரும் பெருந்தன்மையாக ஒரே சுவரைப் பொதுவில் எழுப்பிக்கொண்டார்கள். அந்தப் பெருந்தன்மை அந்தச் சுவர் காயும் வரைதான் இருந்தது. நாங்கள் மேலே மாடி எடுத்துத் தையல் யூனிட் போட்டதும், ஓவர்லாக் மிஷின் ஓடுகிற அதிர்வில் அவர் படுக்கையறை ஜன்னல் கடகடக்கிறதென்று ஆரம்பித்தது. பிறகு பேச்சே நின்றுபோனது. வேலம்பாளையத்தில் இதெல்லாம் ஒரு விஷயமா? எங்கள் தெருவில் அண்ணன் தம்பி பேசிக்கொள்கிற வீட்டைத்தான் தேட வேண்டும்.

மாடிக்கு அனுமதி வாங்கினோமா என்றால் இல்லை. கீழ்த்தளத்துக்கு வாங்கியதோடு சரி, அதிலும் வரைபடத்தில் காட்டிய சந்தைக் கட்டும்போது விடவில்லை. மூத்தாரும், அதாவது என் கணவரின் அண்ணனும், அப்படித்தான், அவர் மாடியில் வாடகைக்குக் குடும்பம் வைத்திருந்தார். தெருக்கோடியில் ஒரு கட்டடத்தின் மீது யாரோ கோர்ட்டுக்குப் போக, தெரு முழுவதையும் அளந்து பார்க்கச் சொல்லி உத்தரவு வந்தது. டேப்போடு வந்தவர்கள் எங்கள் இரண்டு வீட்டையும் ஒரே மூச்சில் அளந்தார்கள். இரண்டு பேருக்கும் நோட்டீஸ் வந்தது. குறிப்பிட்ட நாளுக்குள் அனுமதி பெற்ற வரைபடத்தைக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் விதிமீறிய பகுதியை இடிக்க வேண்டும், தவறினால் பூட்டி சீல் வைக்கப்படும்.

என் கணவர் நோட்டீஸை முழுசாகப் படிக்கவில்லை. "அண்ணந்தான் பெட்டிஷன் போட்டிருக்குது" என்றார்.

"அவுங்களுக்கும் அதே நோட்டீஸ்தானுங்க வந்திருக்குது. யாராச்சும் தன்ற ஊட்டயே இடிக்கச் சொல்லிப் பெட்டிஷன் போடுவாங்களா?"

"நம்மள மாட்டிவிடப் போயி மாட்டிக்கிட்டாங்க" என்றார். சுவருக்கு அந்தப்புறம் மூத்தாரும் எங்களைப் பற்றி இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது அக்கா சொல்லி எனக்குத் தெரியும். நான் அக்கா என்பது மூத்தாரின் மனைவியை. ஆண்கள் பேசாவிட்டாலும் மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது நாங்கள் இருவரும் பேசிக்கொள்வோம்.

அடுத்து என் கணவர் வீட்டுவரி ரசீதுகளைக் கட்டாகக் கட்டிக்கொண்டு மாநகராட்சிக்குப் போனார். மாடிக்கும் சேர்த்து வரி வாங்கினவர்கள் அதை எப்படி இடிப்பார்கள் என்பது அவர் கேள்வி. வரி கட்டியது அனுமதி ஆகாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்புறம் ஒரு புரோக்கரைப் பிடித்தார். "அபராதத்தக் கட்டினா முடிஞ்சு போச்சுங்க" என்று அந்த ஆள் சொன்னது அவருக்குத் தேனாக இனித்தது. நான் நம்பவில்லை. பின்தெருவில் ஒரு யூனிட்டை அப்போதுதான் சீல் வைத்திருந்தார்கள். வேலைக்கு வந்த பெண்கள் தங்கள் சாப்பாட்டுத் தூக்குகள் உள்ளே மாட்டிக்கொண்டதைச் சொல்லி வாசலில் நின்றதை நான் பார்த்தேன். எங்கள் மிஷின்கள் எல்லாம் அந்த மாடியில்தான் இருந்தன. அது போனால் எங்களுக்கு வேறு பிழைப்பு இல்லை.

நானே ஒரு இன்ஜினியரைக் கூட்டி வந்தேன். அமைதியான மனுஷன். அளந்து முடித்துவிட்டு, கெடுவுக்குள் அனுமதி கேட்டு விண்ணப்பித்துவிட்டால் முடிவு வரும்வரை இடிக்கமாட்டார்கள் என்று முதலில் சொன்னார். என் கணவர் அபராதம் எவ்வளவு என்று கேட்டார்.

"கூடுதலாக் கட்டுன பரப்புக்குக் கட்டணம் இருக்குதுங்க. அதைக் கட்டி வாங்கிக்கலாம். ஆனா பக்கத்துல உட வேண்டிய சந்துக்குப் பணம் கட்ட முடியாதுங்க. அதை உட்டுத்தான் ஆவோணும். உங்களுக்கு நடுச் சுவர்ப் பக்கம் சந்தே இல்ல."

"அப்ப?"

"தனித்தனியாப் போனா, நடுவுல உங்க ஹாலையும் வெட்டோணும், அவுங்க ரூமையும் வெட்டோணும். தூணு அதுலதான் நிக்குது. வெட்டினா மிச்சமும் நிக்காதுங்க." டேப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "ரெண்டு மனையையும் ஒண்ணாக் காட்டி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஒரே விண்ணப்பமாக் குடுத்தா நடுச் சுவரு உள் சுவராயிருமுங்க. அப்புறம் ஓரத்துல மட்டும் சந்து உட்டாப் போதும். இனிமே பிரிச்சு விக்கமாட்டோம்னு எழுதிக் குடுக்கோணும்."

என் கணவர் எழுந்து வெளியே போய்விட்டார். ராத்திரி வந்து, பாடுபட்டுப் பிரித்த பாகத்தைத் திரும்ப ஒன்றாக்குவதா, அதற்கு இடிந்தே போகட்டும் என்றார். இடிந்தால் யாருடைய மிஷின் தெருவில் நிற்கும் என்று கேட்டேன். இன்ஜினியர் மூத்தாரிடமும் போய்ச் சொல்லிப் பார்த்தார். தம்பி வந்து கேட்கட்டும் என்று அவரும், அண்ணன் கூப்பிடட்டும் என்று இவரும் உட்கார்ந்திருக்க, கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பேரையும் தலையில் குட்டலாம் போல இருந்தது.

கடைசியில் மொட்டைமாடியில் நான்தான் அக்காவிடம் கேட்டேன். ஓரத்தில் சந்து விட்டால் எங்களுக்குக் கம்ப்ரஸர் ஷெட்டும் கழிவறையும் போகும். அவர்கள் பக்கம் அக்காவின் அடுப்படி போகும். அவர் பார்த்துப் பார்த்து, மேடைக்குக் கருங்கல் தேர்ந்தெடுத்துக் கட்டிய அடுப்படி. சொல்லும்போது எனக்கு நாக்கு கூசியது.

அவர் ஈரத் துணியை உதறிக் கொடியில் போட்டார். "படுக்கற ரூமு போறதுக்கு அடுப்படி போறது தேவலை. அவுங்கள நாங் கையெழுத்துப் போட வெக்கறேன். நீ உன்ற ஊட்டுக்காரரப் பாரு" என்றார்.

மிஷின்களை எண்ணிக் காட்டியே என் கணவரை நான் சம்மதிக்க வைத்தேன். கெடு முடியும் முன் விண்ணப்பம் போனது. அனுமதி தருகிற நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் இரண்டு ஆண்களும் ஒரே பெஞ்சின் இரண்டு கோடியில் உட்கார்ந்திருந்தார்கள். அங்கே இருந்த அதிகாரி ஏதாவது கேட்டால் ஒருவர் மற்றவரைக் காட்டி, "அவுங்களக் கேளுங்க" என்பார். கையெழுத்துப் போடப் பேனா என் கணவரிடமிருந்து என் கைக்கு வந்து, என்னிடமிருந்து அக்கா கைக்குப் போய், அப்புறம்தான் மூத்தாரிடம் சேர்ந்தது.

மறுபடி அளந்தார்கள், கட்டணங்களைக் கட்டச் சொன்னார்கள், ஓரங்களை இடித்துக் காட்டினால்தான் அனுமதி என்றார்கள். எங்கள் ஷெட் அரை நாளில் விழுந்தது. அடுப்படிக்கு இரண்டு ஆட்கள் வந்தார்கள். கருங்கல் மேடையை உடைக்காமல் எடுக்கச் சொல்லி அக்கா கெஞ்சினார். அது இரண்டாகப் போனது. அவரை அப்படி விட்டுவிட்டு மாடிக்கு வேலை பார்க்கப் போக எனக்கு மனம் வரவில்லை. மேலே மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

அனுமதி வந்த அன்று அக்கா ஒரு கையில் குக்கரும் இன்னொரு கையில் மஞ்சள்தூள் டப்பாவுமாக என் வாசலில் வந்து நின்றார்.

"இப்ப ரெண்டும் ஒரே மனைதானே, கண்ணு?"

"ஆமாங்கக்கா."

"அப்ப இந்த அடுப்படி என்னுதும்தான்" என்று உள்ளே வந்து என் மிக்ஸியை ஓரமாக நகர்த்தினார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. நான் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருந்தது?

அவர்கள் ஹாலைத் தடுத்து அடுப்படி வைத்துக்கொள்ளலாம் என்று இன்ஜினியர் அவரிடம் இரண்டு முறை சொல்லிவிட்டார். இன்னொரு செங்கல் வைத்து இன்னொரு நோட்டீஸ் வாங்க மாட்டேன் என்கிறார் அக்கா. சாம்பாருக்குப் புளி எவ்வளவு என்று எங்களுக்குள் தினம் தகராறு. மூத்தார் ஒரு மணிக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறார். அவர் செருப்பு வாசலை விட்டு நகர்ந்த பிறகுதான் என் கணவர் மாடியிலிருந்து இறங்கி வந்து, அதே சோற்றைச் சாப்பிடுகிறார்.