ஜெனரேட்டர் நின்றுபோன கதை

புதிய விமான நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்த காலம் அது. மதுரையிலும் ஏர்ஹோஸ்டஸ் பயிற்சி மையங்கள் முளைத்திருந்தன. நான் சேர்ந்தது ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஒரு லாட்ஜின் மாடியில் இருந்த மையத்தில். அதை நடத்தியவரை எல்லோரும் சார் என்போம். அவர் விமானத்தில் பயணம் செய்ததுண்டா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அதற்கு முன் இரண்டு வருடம் ஒரு ஆம்னி பஸ் முன்பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்திருந்தேன். அப்பாவுக்கு உசிலம்பட்டிப் பக்கம் நிலம், மழையை நம்பிய நிலம். நாங்கள் ஆனையூரில் வாடகை வீட்டில் இருந்தோம். விமான நிலையத்தில் கவுன்டரில் நின்று பயணிகளைக் கவனிக்கும் தரைப்பணி கிடைத்தால் தம்பி படிப்பை நிறுத்தாமல் இருக்கலாம். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

சார் முதல் நாளே என் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். "பஸ் ஆபீஸ்ல இருந்தேன்னு இன்டர்வியூல போய் வாயத் திறந்துறாதம்மா. கேவலம். வீட்ல சும்மா இருந்தேன்னு சொல்லு." இரண்டு வருட உழைப்பைச் சும்மா இருந்ததாக மாற்றச் சொன்னவரிடம் அன்றே நான் கோபப்பட்டிருக்க வேண்டும். தலையை ஆட்டினேன். கோபம் பிறகு வட்டியோடு வந்தது.

அவர் கற்றுக்கொடுத்ததில் சரியானவையும் இருந்தன. முடியை ஒரு இழைகூடப் பிரியாமல் கொண்டையாகக் கட்டுவது, நகங்களை ஒரே அளவில் வெட்டுவது, குதிகால் உயர்ந்த கறுப்பு ஷூவில் சத்தமில்லாமல் நடப்பது. மூக்குத்தியைக் கழற்றச் சொன்னார். அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நிறத்துக்கு இரண்டு படி வெளுப்பான பவுண்டேஷனைப் பூசச் சொன்னதுதான் சகிக்கவில்லை. கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம் என்று கூத்து வேஷம் போலிருந்தோம்.

குழுவாக வேலை செய்த அனுபவத்தைக் கேட்பார்கள் என்று சொல்லி, அதற்கும் ஒரு பதிலை அவரே தயாரித்திருந்தார். கல்லூரி விழாவில் ஜெனரேட்டர் நின்றுவிடுகிறது. இரண்டு துறை மாணவர்கள் சண்டை போடுகிறார்கள். நான் நடுவில் போய்ச் சமாதானம் செய்கிறேன். எல்லோரும் சேர்ந்து மெழுகுவத்தி ஏற்றி விழாவை முடிக்கிறோம். இதை ஆங்கிலத்தில் எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம் செய்வித்தார். எல்லாரும் ஒரே கதையைச் சொன்னால் என்ன ஆகும் என்று என் தோழி கேட்டாள். வில்லாபுரத்துச் சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண், எங்களில் துடுக்கு அவளுக்குத்தான். "ஒவ்வொருத்தராத்தான் உள்ள கூப்பிடுவாங்க. ஒருத்தி சொன்னது இன்னொருத்திக்கு எப்படித் தெரியும்?" என்று சார் சிரித்தார்.

நேர்முகத் தேர்வு ஒரு ஹோட்டலின் கூட்ட அறையில் நடந்தது. காலையில் கேபின் பணிக்கான சுற்று. சுவரில் ஒட்டியிருந்த கோட்டைக் குதிகாலை உயர்த்தி விரல் நுனியால் தொட வேண்டும். மேலே பெட்டி வைக்கும் இடத்துக்கு எட்ட வேண்டுமே. எனக்கு எட்டவில்லை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அடுத்து, தேர்வு செய்ய வந்திருந்த அம்மாள் ஒவ்வொருத்தி கையிலும் ஈரத் துணியைக் கொடுத்து, கன்னத்தைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் நிற்கச் சொன்னார். தோலில் தழும்பு, பரு இருக்கிறதா என்று பார்க்கத்தான். துணியில் எங்கள் சாரின் வெளுப்பு திட்டுத் திட்டாக வந்தது. "யார் இப்படிப் பூசச் சொன்னது?" என்று அந்த அம்மாள் கேட்டபோது எங்கள் மையத்திலிருந்து போன ஐந்து பேரும் தரையைப் பார்த்தோம்.

மதியம் தரைப்பணிக்கான சுற்று. எட்டு நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். ஒவ்வொருத்தராக இல்லை, எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்தார்கள். எட்டில் ஐந்து பேர் எங்கள் மையத்துப் பெண்கள், மற்ற மூவர் வெளியிலிருந்து வந்த பையன்கள்.

முதலில் தோழியைக் கேட்டார்கள். ஜெனரேட்டர் கதையை அழகாகச் சொன்னாள். கேள்வி கேட்ட அதிகாரி தலையசைத்துக் குறித்துக்கொண்டார். அடுத்தவளுக்கு வேறு கதை இல்லை. அதையே சொன்னாள். அதிகாரியின் பேனா நின்றது. மூன்றாமவள் பதறிப்போய் ஜெனரேட்டருக்குப் பதில் மைக் நின்றுவிட்டது என்றாள். மெழுகுவத்தியை மட்டும் மாற்ற மறந்துவிட்டாள்.

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "மைக் வேலை செய்யலேன்னா மெழுகுவத்தி எதுக்கு?" என்றார். வட்டத்தில் இருந்த பையன்கள் சிரித்தார்கள். மூன்றாமவளின் கண்கள் நிறைந்தன. ஆனால் உதட்டில் புன்னகை அப்படியே ஒட்டியிருந்தது. எது நடந்தாலும் சிரிப்பை விடக் கூடாது என்று சார் சொல்லியிருந்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும்தான் எனக்குப் பற்றி எரிந்தது. இன்னும் யாரிடமெல்லாம் இந்தக் கதை இருக்கிறது என்று அதிகாரி கேட்டார். நான் கையைத் தூக்கினேன்.

அதைச் சொல்லப்போவதில்லை என்றேன். ஆம்னி பஸ் அலுவலகத்தைச் சொன்னேன். பொங்கல் முடிந்து எல்லோரும் திரும்பும் நாளில், சென்னை போகவேண்டிய பஸ் எங்கள் அலுவலகத்துக்கு வரும் வழியிலேயே பழுதாகி நின்றது. வாசலில் கூட்டம். நாங்கள் மூன்று பேர். ஒருவர் மற்ற கம்பெனிகளுக்குப் போன் போட்டு காலி இருக்கை கேட்டார். ஒருவர் கைக்குழந்தைக்காரர்களையும் வயதானவர்களையும் முதலில் பிரித்தார். வாசலில் நின்று பதில் சொல்வது என் வேலை. தெரியாததைத் தெரியாது என்றும், அடுத்து எப்போது வந்து சொல்வேன் என்றும் சொன்னேன், சொன்ன நேரத்துக்குப் போய் நின்றேன்.

அதிகாரி எழுந்து வந்து என் முன் நின்றார். திடீரென்று பயணியாக மாறினார். விமானம் தாமதம், தங்கையின் கல்யாணத்துக்குப் போய்ச் சேர முடியாது என்று கத்தினார். நான் பதில் சொல்லத் தொடங்கியதும், பஸ்ஸுக்கு டிக்கெட் கிழித்தவளுக்கெல்லாம் விமானம் பற்றி என்ன தெரியும் என்று கேட்டார். சோதனை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் காது மடல் சூடாயிற்று. குரலைத் தாழ்த்தினேன். உங்கள் அவசரம் புரிகிறது, அடுத்த விமானத்தில் இடமிருக்கிறதா என்று இப்போதே பார்க்கிறேன், இல்லையென்றால் பணி மேலாளரை அழைக்கிறேன் என்றேன். இன்னும் இரண்டு முறை கத்தினார். இரண்டு முறையும் அதே நிதானம். பல்லைக் காட்டவில்லை. கத்துகிறவன் முன் பல்லைக் காட்டினால் அவனுக்கு இன்னும் ஏறும் என்பதைப் பஸ் அலுவலகம் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தது.

எங்கள் ஐந்து பேரில் என்னை மட்டும் எடுத்தார்கள். வெளியே வந்ததும் தோழி, "நான் மொதல்ல சொன்னதால எனக்கு அது நெசக் கதையாவே ஆயிருச்சுடி. எனக்கும் கடையில எம்புட்டு நெசக் கதை இருக்கு" என்றாள். அவள் வீட்டில் ஜவுளிக்கடை. தீபாவளிக் கூட்டத்தை ஐந்து வயதிலிருந்து பார்த்தவள்.

மறுவாரம் ஆரப்பாளையத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கினேன். லாட்ஜ் மாடியிலிருந்து என் முகம் தொங்கிக்கொண்டிருந்தது. சேர்க்கைக்குக் கொடுத்த புகைப்படத்தைப் பேனராகப் பெரிதாக்கியிருந்தார்கள். மூக்குத்தியை அழித்து, நிறத்தை வெளுத்து, எங்கள் பயிற்சியால் வென்றவர் என்று போட்டிருந்தார்கள்.

மேலே போய் அதை இறக்கச் சொன்னேன். சார் உட்கார்ந்தபடியே பேசினார். "விளம்பரந்தானம்மா. நாளைக்குப் பாசஞ்சர் திட்டுனாலும் இப்படித்தான் முறைப்பியா? கொஞ்சம் சிரி."

"பாசஞ்சர் டிக்கெட் எடுத்துட்டு வாராரு சார். அவரு கேக்கலாம். நீங்க யாரு?"

பக்கத்து அறையில் புதிய பிள்ளைகள் மெழுகுவத்தி வரியை ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே போய், அந்தக் கதை ஹோட்டலில் என்ன ஆயிற்று என்பதை ஒன்றுவிடாமல் அவர்களுக்குச் சொன்னேன். சார் வாசலில் நின்று போதும் போதும் என்றார். நான் முடித்த பிறகுதான் நிறுத்தினேன்.

பேனர் அடுத்த மழைவரை தொங்கியது.