தங்க நிற முகப்பு

அம்மாவின் ஸ்மார்ட் வாட்சுக்கு முகப்பு அமைக்க எனக்கு இரண்டு வாரம் ஆனது. என்ன வேண்டும் என்று முதலில் எழுதி வைத்துக்கொண்டேன். நடுவில் பெரிதாகச் சர்க்கரை அளவு, பக்கத்தில் அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் அம்பு. மேலே சிறியதாக மணி. கீழே பேட்டரி. வேறொன்றும் வேண்டாம்.

முகப்பில் தகவல் காட்டும் இந்தக் கட்டங்களுக்குக் காம்ப்ளிகேஷன் என்று பெயர். அம்மாவின் கையில் ஒட்டியிருக்கும், சர்க்கரையை அளக்கும் சென்சார் போனுக்கு அனுப்புவதைப் போன் வாட்சுக்கு அனுப்பும். பின்னணியைக் கறுப்பாக வைத்தேன். வேங்கிக்கால் பஸ் ஸ்டாப் வெயிலில் அம்மாவுக்கு அதுதான் தெரிந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே நிறம் கொடுத்தால் அளவு குறையும்போது வரும் சிவப்பு காணாமல் போய்விடும் என்பதால் பல நிறமாகவே விட்டேன்.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று அம்மாவின் கையில் வேறு முகப்பு இருந்தது. தங்க நிற முள், தங்க நிறக் கோடுகள். ஒரு எண்கூட இல்லை.

"நான்தான் மாத்தினேன்," என்றாள் அத்தை. "சுகர் நம்பர் அவங்க கண்ணுல படணுமா? பொண்ணுக்கும் வரும்னு நினைக்க மாட்டாங்களா?"

"விடுடி, ரெண்டு மணி நேரம்தானே," என்றாள் அம்மா.

வாசலில் கார் நின்றுவிட்டது. வாட்சை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனேன்.

மாப்பிள்ளை வீட்டார் ஒரு மணிக்கு வந்துவிடுவார்கள் என்று நம்பி அம்மா சாப்பாட்டுக்கு முன் போடும் இன்சுலினைப் போட்டிருந்தாள். அவர்கள் வந்தது ஒன்றே முக்காலுக்கு. வந்தவர்கள் சாப்பிடாமல் நாம் எப்படிச் சாப்பிடுவது என்று பட்டினி வேறு. அம்மா காபித் தட்டை நீட்டும்போது டம்ளர்கள் கடகடவென்று ஆடின.

தட்டை வாங்கி வைத்துவிட்டு அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தேன். முகப்பை அழுத்திப் பிடித்து, பக்கவாட்டில் தள்ளி என் முகப்பைக் கொண்டுவந்தேன். எழுபத்து நான்கு. அம்பு செங்குத்தாகக் கீழே. எழுபதுக்குக் கீழே போனால்தான் போன் அலறும். அதற்கு முன்பே எச்சரித்திருக்க வேண்டியது அந்த அம்புதான்.

எல்லார் முன்னாலும் அம்மாவை உட்காரவைத்துச் சர்க்கரைத் தண்ணீர் குடிக்கவைத்தேன்.

"சுகருங்களா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"பதினோரு வருஷமா," என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. தணித்துக்கொள்ளவும் இல்லை.

போன் பண்ணுகிறோம் என்று போனார்கள். பண்ணவில்லை.

"ஒரு வாட்ச்சுக்காக நல்ல இடத்த கெடுத்துட்டா, அண்ணி," என்று அத்தை இன்றுவரை சொல்கிறாள். அம்மாவின் கை நடுங்கியதை அவள் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

அன்றே அந்தத் தங்க முகப்பை அழித்தேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா மெதுவாக, "கலர் நல்லாதான் இருந்துச்சு," என்றாள்.

என் முகப்பில் மணிக்கு மட்டும் தங்க நிறம் கொடுத்தேன். நடு எண்ணை இன்னும் ஒரு அளவு பெரிதாக்கினேன்.