குறைந்துபோன ஸ்பிரிட்

பீடோர் பக்கத்துத் தோட்ட ஆஸ்பத்திரியில் எனக்கு முன்பு மருந்து கலக்கியவர் ஸ்பிரிட்டைக் குடித்து வேலையை இழந்தவர். அந்த இடத்துக்குத்தான் என்னை எடுத்திருந்தார்கள்.

கிருமி கொல்ல எழுபது சதவீத ஸ்பிரிட் ஒரு லிட்டர் வேண்டும். தொண்ணூற்றைந்து சதவீத ஸ்பிரிட் 737 மில்லியோடு 263 மில்லி தண்ணீர் சேர்த்தேன். அளவுக்குழாயில் ஆயிரம் வரவில்லை; 975 கிட்டத்தான் நின்றது. உடம்பு மரத்துப்போனது. மண்டியிட்டுத் தரையை முகர்ந்தேன், எங்கும் ஒழுகவில்லை. நர்ஸ் அக்கா உள்ளே வந்ததும் அவர் முகத்தில் ஊதிக் காட்டினேன்.

“நான் குடிக்கலக்கா.”

“தெரியுது, நெத்திலி சம்பல்தான் தின்னுருக்க. ஸ்பிரிட்டும் தண்ணியும் கலந்தா ஒண்ணுக்குள்ள ஒண்ணு போய்ச் சுருங்கும் லா. கலந்த சூடு ஆறட்டும், அப்புறம் ஆயிரம் கோடு வரைக்கும் தண்ணி ஊத்து.”

ஊற்றினேன். எழுபது சரியாக வந்தது, வேலையும் தங்கியது. என் கைகால்களின் உணர்ச்சி மட்டும் மறுநாள்வரை லீவில் இருந்தது.