ஆமா, இல்லை என்று மட்டும்

தெரியாததைத் தெரியாது என்று சொல்வதற்காக ஒருவருக்குச் சம்பளம் கொடுப்பார்களா? அவள் வேலை பார்த்த விதம் இந்தக் கேள்வியைத்தான் கிளப்பிக்கொண்டிருந்தது.

வீடுகளுக்கு நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்பும் நிறுவனம் அது. வேலை கேட்டு வருகிறவர்களின் சான்றுகளைச் சரிபார்ப்பது அவள் பொறுப்பு. அலுவலகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். கணவன் இன்னும் ஒரு படி மேலே போவான்: "மழை பெய்யுதான்னு கேட்டா, எந்த ஜன்னல் வழியா பார்த்தீங்கன்னு கேப்பா."

ஒரு நாள் காலை கிளை மேலாளர் ஓர் அடையாள அட்டையின் ஸ்கேனை அனுப்பியிருந்தார். கூடவே ஒரே வரி: "இது போலியா?" யாருடையது, எதைப் பார்த்துச் சந்தேகம், ஒன்றும் இல்லை. அட்டையின் பின்பக்கமும் இல்லை.

எண்ணின் கடைசி இலக்கம், மற்ற இலக்கங்களை வைத்துப் போடும் சரிபார்ப்புக் கணக்குக்கு ஒத்து வந்தது. அதனால் என்ன, உண்மையான எண்ணை எவனும் காப்பியடிக்கலாம். அதோடு, எழுத்துகளுக்குப் பின்னால் ஓட வேண்டிய மெல்லிய கோடுகளைக் காணோம். வெறும் வெள்ளை. போன் போட்டாள்.

"சார், ஒரிஜினல் எங்க?"

"அந்தப் பொண்ணு கையில. ரிசப்ஷன்ல உட்கார்ந்திருக்கு. மதியத்துக்குள்ள ஒரு வீட்டுக்கு ஆள் போயாகணும். ஆமா, இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, முடிஞ்சுது."

"எதனால சந்தேகம்?"

"டிசைனே இல்லையே மேடம். சின்னக் குழந்தைக்கே தெரியும்."

"எதுல ஸ்கேன் பண்ணீங்க?"

"என் போன்லதான். எழுத்து பளிச்சுனு தெரியட்டும்னு டாக்குமென்ட் மோடுல போட்டேன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். எழுத்தைக் கறுப்பாக்கி மற்றதையெல்லாம் வெளுத்துவிடுவதுதான் அந்த மோடின் வேலை. கோடுகளைத் தின்றது போனாக இருக்கலாம். பழி அந்தப் பெண் தலையில்.

"கார்டைக் கையில வாங்கிப் பாருங்க சார். சாய்ச்சா அந்த மினுமினு படம் மாறுதான்னு பாருங்க. அப்பவும் மனசு கேக்கலைன்னா, அவங்க சம்மதம் வாங்கி, கார்டு கொடுத்த ஆபீஸ்லயே கேட்டுடலாம். இந்தப் படத்தை வச்சு நல்லதுன்னும் சொல்ல முடியாது, போலின்னும் சொல்ல முடியாது."

"அப்ப சந்தேகம்னு எழுதிக் கொடுங்க."

"சந்தேகம் உங்களுது. நான் எப்படி சார் கையெழுத்துப் போடறது?"

"இதுக்கு நான் சுவத்துக்கிட்ட கேட்டிருக்கலாம்" என்று போனை வைத்துவிட்டார்.

சொன்னதையே எழுத்திலும் அனுப்பினாள். பதில் இல்லை. பொறுக்க மாட்டாமல் பேருந்து பிடித்துக் கிளைக்குப் போனாள். மடியில் பையுடன் அந்தப் பெண் இன்னும் உட்கார்ந்திருந்தாள். ஸ்கேன் எடுத்த பிறகு அட்டையை யாரும் வாங்கிப் பார்த்திருக்கவில்லை. இவள் வாங்கி வெளிச்சத்தில் சாய்த்தாள். கோடுகள் இருந்தன, படமும் மாறியது. பெண்ணிடம் சம்மதம் கேட்டு, வழங்கிய அலுவலகத்துக்கு விவரத்தை அனுப்பினாள்.

"வேற ஆளை அனுப்பியாச்சு மேடம்" என்றார் மேலாளர், கணினியை விட்டுக் கண்ணெடுக்காமல்.

"நான் என்ன தப்பு பண்ணேன், அதையாவது சொல்லுங்க" என்றாள் அந்தப் பெண்.

"உங்க மேல ஒரு தப்பும் இல்லம்மா" என்றாள் இவள்.

"அப்புறம் ஏன் வேலை போச்சு?"

இவள் அட்டையைத் திருப்பி நீட்டினாள். பெண் அட்டையை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். விவரங்கள் பொருந்துகின்றன என்று மறுநாள் பதில் வந்தது. பெண்ணை அழைத்தபோது அவள் போனை எடுக்கவில்லை.

சில மாதங்களில் சரிபார்ப்புப் பிரிவுக்கே தலைமை தருவதாக நிர்வாகம் சொன்னது. அவள் வேண்டாம் என்றாள். அதே கிளையின் ரிசப்ஷன் மேசையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். கணவன் பல விதமாகக் கேட்டுப் பார்த்தான். வேலை கேட்டு வருகிறவர்களின் அட்டையை முதலில் கையில் வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பது இப்போது அவள்தான்.