அவர் பேரில் ஒரு பங்குகூட இல்லை

முடிவெட்டும் கடைக்காரருக்குத் தெருவில் 'பொறுமை' என்றுதான் பெயர். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை.

இரண்டு மாதமாக அவர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருந்தார். சந்தைக்கு வரப்போகும் நிறுவனப் பங்குகளைப் 'பெரிய முதலீட்டாளர் ஒதுக்கீட்டில்' வாங்கித் தருவதாகவும், பட்டியலாகும் நாளன்றே எண்பது சதவீத லாபம் நிச்சயம் என்றும் குழுவை நடத்திய 'புரொபசர்' எழுதுவார். இவர் இரண்டு லட்சம் போட்டார். வெல்டிங் வேலை பார்க்கும் மச்சானையும் மூன்று லட்சம் போட வைத்தார்.

பட்டியலான நாள் காலை பத்து மணி. நிறுவனம் நிஜம்தான், தொலைக்காட்சியில் அதன் விலை ஏறியது. குழு தந்த செயலியிலும் ஏறியது. பணத்தை எடுக்கப் போனால், முதலில் இருபது சதவீதம் வரி கட்டச் சொன்னது.

நாற்காலியில் சோப்பு நுரையோடு இருந்த வங்கி குமாஸ்தா எட்டிப் பார்த்தார்.

"பணத்தை யார் கணக்குக்கு அனுப்பினீங்க?"

"ஏதோ டிரேடர்ஸ்னு..."

"அண்ணே, முறைப்படி விண்ணப்பிச்சா பணம் உங்க கணக்குலயே முடங்கி நிக்கும். பங்கு கிடைச்சாத்தான் போகும். பங்கும், பங்கு வைக்கிற உங்க டீமேட் கணக்குக்கு வரும். அதைத் திறந்து பாருங்க."

பார்த்தார். காலி. குழுவில் கேட்டார். அடுத்த நிமிடம் குழுவிலிருந்தே நீக்கிவிட்டார்கள்.

அப்போதுதான் மச்சான் உள்ளே நுழைந்தான்.

"வரி கட்ட இன்னும் கொஞ்சம் கடன் வாங்கட்டுமா மாமா?"

"கட்டாத. எல்லாம் போச்சு மச்சான்."

"போச்சா? நீ எவ்வளவு கமிஷன் வாங்கின?"

முதல் குத்தில் பொறுமையின் உதடு கிழிந்தது. இரண்டாவதில் தலை கண்ணாடியில் மோதி, கண்ணாடி நொறுங்கிக் கொட்டியது. குமாஸ்தா துண்டோடு தெருவுக்கு ஓடினார். மச்சான் கழுத்தை நெரித்துச் சுவரோடு அழுத்தினான். மூச்சு முட்டியது. குமாஸ்தாவுக்கு எடுத்த சவரக்கத்தி இன்னும் பொறுமையின் கையில் இருந்தது. வீசினார்.

மச்சானின் வலது முன்கை எலும்பு தெரியப் பிளந்தது. ரத்தம் சுவரில் தெறித்தது. இருவரும் அதைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்தார்கள்.

"வெட்டிட்டியே மாமா," என்றான் மச்சான், சின்னப்பிள்ளை மாதிரி.

இன்னொரு துண்டால் இறுக்கிக் கட்டி, பொறுமையே அவனை ஆட்டோவில் கொண்டுபோனார். பதினெட்டுத் தையல். மருத்துவமனை வாசலில் அவர் மனைவி வந்தாள். முதலில் புருஷனை அறைந்தாள். பிறகு தம்பியையும் அறைந்தாள்.

காவல் நிலையத்தில் இரண்டு வழக்கு: மோசடி ஒன்று, வெட்டு ஒன்று. பணம் போன கணக்கு, கமிஷனுக்குப் பாஸ்புக்கை வாடகைக்கு விட்ட ஒரு காய்கறி வியாபாரியுடையது. அதில் முடக்க முடிந்தது அறுபதாயிரம் மட்டுமே. நீதிமன்ற உத்தரவுப்படி அது கைக்கு வந்ததும், பொறுமை அத்தனையையும் மச்சானிடம் நீட்டினார்.

அவன் இடது கையால் வாங்கிக்கொண்டான். வலது கையில் இரண்டு விரல் இன்னும் மடங்குவதில்லை.