பன்னிரண்டு சிட்டிங்

வலது மணிக்கட்டில் மாவுக்கட்டைப் பிரித்தபோது கை என்னுடையதாகவே தெரியவில்லை. விரல்கள் பாதிதான் மடங்கின. டல்ஹௌசி ஆபீஸில் நான் டைப்பிஸ்ட். லீவெல்லாம் தீர்ந்ததால் ஃபைல் அடுக்க உட்கார்த்தி வைத்திருந்தார்கள், என் மெஷினில் வேறொரு பெண். அடுத்த மாதம் ஒன்றாம் தேதிக்குள் நான் டைப் அடிக்காவிட்டால் அவளே நிரந்தரம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

டாக்டர் பவானிபூரில் ஒரு பிசியோதெரபி கிளினிக்குக்கு எழுதிக் கொடுத்தார். வாரம் மூன்று, மொத்தம் பன்னிரண்டு சிட்டிங். என் கணவர் பாங்கில் வேலை செய்பவர், கேட்க வேண்டுமா! ஃபீஸ் எழுபத்திரண்டு, டிராமும் ரிக்ஷாவும் இருபத்துநாலு, கையைத் தொங்கவிடும் தூளியும் பிசையும் ரப்பர் பந்தும் ஒன்பது, அரைநாள் சம்பள வெட்டு பன்னிரண்டு முறைக்குத் தொண்ணூறு. நூற்றுத்தொண்ணூற்றைந்து ரூபாய் என்று அடிக்கோடு போட்டார்.

முதல் வாரமே இரண்டு நாள் லோட்ஷெடிங். கையை முக்கி எடுக்க மெழுகு உருக்கும் மெஷின் கரண்ட் இல்லாமல் சும்மா கிடந்தது. இரண்டு நாளும் ஒரு மணி நேரம் காத்திருந்து திரும்பினேன்.

"ஃபீஸ் பன்னிரண்டு ரூபா மிச்சம்தானே?" என்றார் கணவர்.

"அந்த ரெண்டு சிட்டிங்குக்கும் மறுபடி போகணுமே! வண்டிச் சத்தமும் அரைநாளும் போச்சு, இன்னும் ரெண்டு அரைநாளும் போகும்."

"அப்போ மிச்சமா, நஷ்டமா?"

இருவருக்கும் புரியவில்லை. பன்னிரண்டு சிட்டிங் மாதத்துக்குள் முடியுமா என்பதும் புரியவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த முறை கரண்ட் இருந்தது. பிசியோதெரபி செய்பவர், எல்லோரும் தீதி, அதாவது அக்கா, என்று கூப்பிடும் நரைத்த தலை வங்காளி அம்மாள், என் விரல்களை மடக்கிப் பார்த்து, "வீட்டில் எத்தனை தடவை பயிற்சி செய்கிறாய்?" என்று கேட்டார்.

செய்யவில்லை. காசு கொட்டிச் சரியாக்கும் கையை வீட்டில் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்று தூளியிலேயே வைத்திருந்தேன். ரப்பர் பந்து பிரிக்காத பொட்டலமாகக் கிடந்தது.

தீதி தலையில் கை வைத்துக்கொண்டார். "மெழுகு கையை இளக்கத்தான் செய்யும், அசைக்க வேண்டியது நீதான். தூளியைத் தூக்கிப் போடு. கரண்ட் இல்லையென்றால் பொறுக்கும் சூட்டில் வெந்நீர் போதும். வாரம் ஒருநாள் வா, ஆபீஸுக்கு முன்னால் எட்டு மணிக்கு."

அன்று முதல் தினமும் மூன்று வேளை பேசினில் வெந்நீர், பிறகு பந்து. வலியில் கணவரைக் கன்னாபின்னாவென்று திட்டினேன். அவர் ஸ்டவ்வில் அடுத்த வெந்நீரை வைத்தார். கணக்குப் போட்ட காகிதத்தை எங்கே வைத்தார் என்று கேட்கவில்லை.

ஒன்றாம் தேதி என் மெஷின் முன் உட்கார்ந்தேன். அந்தப் பெண் பக்கத்திலேயே நின்றாள். பத்து நிமிஷ வேலை, ஒரே ஒரு கடிதம், முக்கால் மணி நேரம் ஆயிற்று. மேனேஜர் அதை வாங்கி வரிவரியாகப் பார்த்தார். அடுத்த கடிதத்தை என்னிடமே நீட்டினார்.