நடுவில் நின்றதால் இரண்டான முகம்

எங்கள் மலையில் சாமை குத்தி விற்கிற பெண்கள் குழுவை முதலில் கூட்டியது நான். அதனால் படம் எடுக்கும்போது நடுவில் நான்தான் நிற்பேன். அதில் பேச்சுக்கே இடமில்லை.

என் மருமகள்தான் குழுவுக்காக இன்ஸ்டாகிராமில் படம் போடுகிறவள். போன தையில் களத்தில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, போனை இடமிருந்து வலமாக மெல்ல நகர்த்தி ஒரே நீளப் படமாக எடுத்தாள். அதை நாலு சமத் துண்டாக வெட்டிப் போட்டாள். விரலால் தள்ளத் தள்ளக் களம் அறுபடாமல் ஓடும் என்றாள்.

ஓடியது. ஆனால் இரண்டாம் துண்டின் ஓரத்தில் என் ஒரு கண், மூன்றாம் துண்டின் ஓரத்தில் மறு கண். மூக்கு எங்கே போனது என்றே தெரியவில்லை.

“இன்னாடி இது, என்னப் பொளந்து வச்சிருக்கே?”

“நாலா வெட்டினா நடுவுலதான் அத்தே வெட்டு வுழும். நீங்க நடுவுலயே நின்னுட்டீங்க.”

“அப்ப மூணா வெட்டு.”

“ஒரு துண்டு இவ்ளோ ஒயரம், இவ்ளோ அகலம்னு இருக்குது. மூணுன்னா ரெண்டு ஓரத்துல நிக்கிறவங்க பூடுவாங்க. அஞ்சுன்னா எல்லாருக்கும் தலையும் காலும் பூடும்.”

இடது ஓரத்தைக் கொஞ்சம் கழித்தால் எல்லா வெட்டும் நகருமே என்று அவளே யோசித்தாள். கழித்தாள். வெட்டு என்னை விட்டு என் ஓரகத்தியின் கன்னத்தில் விழுந்தது.

“ஏங்க்கா, ஒங்க மூஞ்சி முழுசா வர்றதுக்கு என் மூஞ்சியக் கூறு போடணுமா?” என்று அவள் களம் முழுக்கக் கேட்கும்படி சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போட்ட படத்தில் துண்டை மாற்ற வழியில்லையாம். எடுத்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும். மறுநாள் காலை திரும்பவும் களம். மருமகள் வெட்டு விழும் மூன்று இடங்களிலும் ஒவ்வொரு சாமைக் குவியலைக் கொட்டச் சொன்னாள். குவியல் இரண்டாகப் போனால் யாருக்கும் வலிக்காது என்றாள். நடு இடமும் ஒரு குவியலுக்குப் போனது.

“நவுருங்க அத்தே, இன்னும் கொஞ்சம்.”

நகர்ந்தேன். எல்லோர் முகமும் முழுசாக வந்தது. ஓரகத்தி படத்தில் தன் முகத்தை எல்லோரிடமும் காட்டி வந்தாள். நான் குவியலுக்குப் பக்கத்தில், காவலுக்கு நிற்பவள் மாதிரி.

பழைய துண்டுகளைக் கேட்டு வாங்கி என் போனில் வைத்திருக்கிறேன். இரண்டாம் துண்டை மெல்லத் தள்ளி, விரலைப் பாதியில் அழுத்திப் பிடித்தால் என் முகம் ஒன்றாகச் சேர்கிறது. களத்து நடுவில் நிற்கிறேன். விரலை எடுத்தால் பாதி ஓடிவிடுகிறது. எவ்வளவு நேரம்தான் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பது?